சலானைக் கீழிருந்து எழுது

வங்கியில் ரொக்கம் வாங்கும் கவுன்டரிலேயே வேலைக்காலம் முழுவதும் உட்கார்ந்து எழுந்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகும் மதுரைக்குள் எந்தக் கிளைக்குப் போனாலும் கால் சலான் மேசைப் பக்கம்தான் போகிறது. நூலில் கட்டித் தொங்கும் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு, முதல் கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் நிற்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகியதை இங்கே எண் போட்டு எழுதுகிறேன். சேமிப்புக் கணக்கில் ரொக்கம் கட்டுவதைப் பற்றி மட்டும்தான். காசோலை போடுவது தனிக் கதை.

பேச்சுக்கு ஒரே ஒரு சலானை எடுத்துக்கொள்கிறேன். 2025 தை மாதம் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். வாக்கப்பட்ட ஊரில் மல்லிகைத் தோட்டம், நிலத்தில் ஒரு பங்கு அவள் பெயரில். மார்கழி, தைப் பனியில் செடியில் பூ குறையும், மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் விலை ஏறும். கமிஷன் கடையில் கணக்கு முடித்து 63,870 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். வங்கிக்குத் தனியாகப் பணம் கட்ட வந்தது அன்றைக்குத்தான் முதல் முறை. பெயர் எதற்கு, தங்கச்சி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

1. வீட்டிலேயே பிரித்து எண்ணிவிட்டு வா

கவுன்டர் முன்னால் நின்று மஞ்சள் பையைக் கவிழ்ப்பவர்களை ஒவ்வொரு நாளும் பார்த்திருக்கிறேன். பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது எண்ணிக்கை ஒழுங்காக வராது. வீட்டில், விசிறியை நிறுத்திவிட்டு, ஐந்நூறு தனியாக, இருநூறு தனியாக, நூறு தனியாகப் பிரி. காந்தி படம் எல்லாவற்றிலும் ஒரே பக்கம் பார்க்கட்டும். இது அழகுக்காக அல்ல. படங்கள் ஒரே திசையில் இருந்தால், நடுவில் நுழைந்த வேறு நோட்டு விரலை ஓட்டும்போதே கண்ணில் படும்.

ஒரே மதிப்பில் நூறு தாள் சேர்ந்தால் அது ஒரு கட்டு. தங்கச்சியிடம் நூறு ரூபாய்த் தாள் 96 இருந்தது. அதைக் கட்டாகக் கட்டிவிட்டால் நூறு என்று எண்ணிவிடுவார்கள், பிறகு தகராறு. நூறுக்குக் குறைந்தால் கட்டாதே, மேலே ஒரு துண்டுத் தாளில் எண்ணிக்கையை எழுதிச் சொருகி வை. ஸ்டேப்ளர் பின் அடிக்காதே. வங்கிகளே நோட்டுக் கட்டில் பின் அடிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2001இல் தடை போட்டது. நோட்டின் மேல் பேனாவால் எண்ணிக்கை எழுதும் பழக்கமும் வேண்டாம். அதுவும் தண்ணீர்க்குறி இருக்கும் வெள்ளைப் பகுதியில் எழுதினால், நல்ல நோட்டா என்று பார்க்கும் இடத்தையே மறைத்ததாகிவிடும்.

சில்லறைக் காசு நிறைய இருந்தால் ஒரே மதிப்பில் நூறு நூறாகப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவா. வங்கிகள் அப்படி வாங்குவதையே ரிசர்வ் வங்கியும் வசதி என்கிறது. காசு வாங்க மாட்டோம் என்று கிளை சொல்ல முடியாது. ஆனால் மாதக் கடைசி நாளில், கூட்டம் நெரியும் நேரத்தில் மூட்டையைத் தூக்கிப் போகாதே.

2. இன்றைய சலானை எடு

பழைய சலான் புத்தகம் வீட்டுப் பெட்டியில் கிடக்கும். பெயரைப் பார். நம் பக்கத்துப் பாண்டியன் கிராம வங்கி 2019 ஏப்ரலில் பல்லவன் கிராம வங்கியோடு சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆகிவிட்டது. சிண்டிகேட் வங்கி 2020இல் கனரா வங்கியோடும், அலகாபாத் வங்கி அதே ஆண்டு இந்தியன் வங்கியோடும் சேர்ந்தன. மறைந்துபோன வங்கியின் சலானை நீட்டினால் திருப்பித்தான் தருவார்கள்.

சில வங்கிகளில் ரொக்கத்துக்கும் காசோலைக்கும் ஒரே சலான் இருக்கும், எதுவென்று டிக் செய்ய வேண்டும். ஒரே நாளில் இரண்டையும் கட்டினாலும் தனித்தனிச் சலான் எழுது. சலான் தமிழிலும் அச்சாகியிருக்கும். இந்தி, ஆங்கிலம், வட்டார மொழி என மூன்றிலும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். ஆகவே தமிழில் நிரப்பக் கூச்சப்படாதே. இங்கிலீஷ் தெரிந்த யாராவது வரட்டும் என்று காத்திருந்து, முன்பின் தெரியாதவர் கையில் சலானையும் பாஸ்புக்கையும் பணத்தையும் சேர்த்துக் கொடுப்பதைப்போல அபாயம் வேறில்லை. எழுத வராதென்றால் கிளை ஊழியரைக் கேள்.

3. நோட்டு விவரம் முதலில், தொகை கடைசியில்

நான் சொல்ல வந்ததில் முக்கால்வாசி இதுதான். சலானை மேலிருந்து கீழாக எழுதுவதுதான் எல்லாருக்கும் வழக்கம். தேதி, கணக்கு எண், பெயர், தொகை என்று எழுதி முடித்து, கடைசியாகத்தான் நோட்டு விவரக் கட்டத்துக்கு வருவார்கள். அதற்குள் தொகை மேலே ஏறி உட்கார்ந்துவிட்டது. கமிஷன் கடைக்காரர் சொன்ன தொகை, வீட்டுக்காரர் சொன்ன தொகை. அந்தத் தொகை வரும்படி நோட்டு எண்ணிக்கையை வளைக்கத் தொடங்குவார்கள். இரண்டு தாள் குறைந்தால் 'சரி, எண்ணினதில் பிசகு' என்று கூட்டி எழுதிவிடுவார்கள். கையில் இருப்பதுதான் பணம், கடைக்காரர் வாயில் இருப்பது அல்ல. அதனால் கீழே இருக்கும் நோட்டு விவரத்தை முதலில் எழுது. அதைக் கூட்டி வந்த எண்ணைத் தொகைக் கட்டத்தில் எழுது. பிறகு எழுத்தால் எழுது. கடைக்காரர் சொன்னதோடு ஒத்துப் பார்ப்பது அதற்கும் பிறகு.

ஒவ்வொரு வரியிலும் மூன்று இடம் உண்டு: நோட்டின் மதிப்பு, எத்தனை தாள், அதன் தொகை. தங்கச்சியின் பணம் சரியாக எண்ணி முடித்தபோது இப்படி வந்தது:

500 × 84 = 42,000
200 × 45 = 9,000
100 × 96 = 9,600
50 × 38 = 1,900
20 × 41 = 820
10 × 47 = 470
காசு: பத்து ரூபாய் 6, ஐந்து ரூபாய் 4 = 80
மொத்தம் 63,870

உன்னிடம் இல்லாத மதிப்புக்கு எதிரே ஒரு கோடு இழுத்துவிடு. வெற்றுக் கட்டம் விட்டால் இன்னொரு கை அதில் எழுத இடம் கொடுக்கிறாய். பழைய அச்சில் 2000, 1000 என்ற வரிகள் கூட இன்னும் இருக்கும், அவற்றுக்கும் கோடுதான்.

4. கூட்டல் உதைத்தால், வித்தியாசத்தைக் கேள்

அது சரியாக வந்த கணக்கு. முதலில் அவள் எழுதியது வேறு. மேலே 63,870 என்று எழுதிவிட்டு, கீழே விவரம் போட்டுக் கூட்டினால் 65,670 வந்தது. பணம் கூடிவிட்டதோ என்று முகத்தில் ஒரு மகிழ்ச்சி, அடுத்த நொடி பயம். மறுபடியும் எல்லாவற்றையும் எண்ணப் போனாள். வேண்டாம் தாயி, முதலில் வித்தியாசத்தைப் பார் என்றேன். 1,800.

கேஷியர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு வழி உண்டு. வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்று சந்தேகப்படு. 45ஐ 54 என்று எழுதினால் ஒன்பது கூடும். 38ஐ 83 என்று எழுதினால் 45 கூடும், அதுவும் ஒன்பதின் மடங்கு. எந்த இலக்கத்தை மாற்றிப் போட்டாலும் அப்படித்தான். 1,800ஐ ஒன்பதால் வகுத்தால் 200. அப்படியானால் இருநூறு ரூபாய் வரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பார்த்தால், மேலே சொருகிய துண்டுத் தாளில் 45, சலானில் 54. நோட்டில் கைவைக்காமலே தவறு பிடிபட்டது.

வித்தியாசம் 180 என்று வந்தால் வேறு சங்கதி. இருநூறு ரூபாய்த் தாள் பளிச்சென்ற மஞ்சள், இருபது ரூபாய்த் தாள் பச்சை கலந்த மஞ்சள். டியூப்லைட் வெளிச்சத்தில், அதுவும் பூக்கடைத் தண்ணீர் பட்டுச் சுருங்கிய நோட்டில், இரண்டும் பிரித்தறிய வராது. ஒரு இருபது இருநூற்றுக்குள் நுழைந்திருந்தால் சரியாக 180 குறையும், இரண்டு நுழைந்தால் 360. இவையும் ஒன்பதால் வகுபடும் என்பதால், சலானில் இலக்கம் சரியாக இருந்தால் உடனே மஞ்சள் தாள்களைப் புரட்டு. வித்தியாசம் 400 என்றால் ஐந்நூற்றில் ஒரு நூறு, 300 என்றால் ஐந்நூற்றில் ஓர் இருநூறு. 500 அல்லது 200 என்று சுத்தமாக வந்தால் ஒரு தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது எண்ணும்போது ஒன்றை இரண்டு தரம் எண்ணிவிட்டாய். புதுத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டும், அவற்றை ஒரு தரம் லேசாக வளைத்து விசிறிவிட்டு எண்ணு.

இத்தனையும் பார்த்துப் பிடிபடவில்லை என்றால் மட்டும் முழுதாக எண்ணு. அப்போதும் முன்பு எண்ணிய எண்ணை மனதில் வைத்துக்கொண்டு எண்ணாதே. 96 வர வேண்டும் என்று நினைத்து எண்ணினால் 96தான் வரும்.

5. எந்த நோட்டு செல்லும்

பழைய 1000 ரூபாய், பழைய பெரிய 500 ரூபாய் ஆகியவை 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவோடு போயின. சாமி உண்டியலிலும் அரிசிப் பானையிலும் இன்னும் கிடைக்கத்தான் செய்கின்றன. கவுன்டருக்குக் கொண்டுவராதே. 2000 ரூபாய்த் தாள் கதை வேறு. 2023 மே 19இல் அதைத் திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. வங்கிக் கிளைகளில் வாங்குவது அந்த ஆண்டு அக்டோபர் 7ஓடு நின்றது. சட்டப்படி அது செல்லாத நோட்டு அல்ல, ஆனால் கிளையில் வாங்க மாட்டார்கள். ரிசர்வ் வங்கியின் 19 அலுவலகங்களில்தான் கொடுக்கலாம். மதுரைக்காரர் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்று நினைக்கிறார்கள். திருவனந்தபுரத்திலும் ஓர் அலுவலகம் உண்டு, நமக்கு அது பக்கம். போக முடியாதவர் தபால் நிலையம் வழியாக அனுப்பித் தன் கணக்கில் வரவு வைக்கச் சொல்லலாம்.

பத்து ரூபாய்க் காசை டீக்கடைக்காரர் வாங்காவிட்டாலும் வங்கி வாங்கும். பதினான்கு விதமான வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தத் தங்கச்சி கொண்டுவந்த ஆறு காசும் அப்படித்தான் கணக்கில் ஏறின. வரிசை எண்ணுக்கு நடுவே நட்சத்திரக் குறி போட்ட தாளைக் கள்ள நோட்டு என்று சிலர் கிளப்பிவிட்டார்கள். அச்சில் பழுதான தாளுக்குப் பதிலாக வைப்பது அது. நல்ல நோட்டு என்று 2023இல் ரிசர்வ் வங்கி விளக்கமும் கொடுத்தது.

கிறுக்கிய நோட்டு செல்லும். கட்சி, மத வாசகம் எழுதிய நோட்டுக்குத்தான் மதிப்புக் கேட்க முடியாது. இரண்டாகக் கிழிந்து ஒட்டிய தாள், இரண்டு துண்டும் ஒரே நோட்டினுடையதாக, எதுவும் காணாமல் போகாததாக இருந்தால், அழுக்கு நோட்டோடு சேர்த்து வாங்கிக்கொள்வார்கள். ஒரு மூலையே போய்விட்டதென்றால் அதைச் சலானில் சேர்க்காதே, தனியாக மாற்றிக் கேள். ஐம்பது ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டில், ஒரே துண்டாக எண்பது விழுக்காட்டுக்கு மேல் பரப்பு இருந்தால் முழு மதிப்பு. நாற்பது முதல் எண்பது வரை பாதி. அதற்கும் கீழே போனால் ஒன்றும் கிடையாது. இருபதும் அதற்குக் கீழும் உள்ளவற்றுக்குப் பாதிக்கு மேல் இருந்தாலே முழு மதிப்பு.

6. கணக்கு எண்ணைப் பாஸ்புக்கைப் பார்த்தே எழுது

மனப்பாடம் வேண்டாம். ஸ்டேட் வங்கிக் கணக்கு எண் பதினொரு இலக்கம், இந்தியன் ஓவர்சீஸ் வங்கியில் பதினைந்து. பதினைந்து இலக்கத்தை ஒரே மூச்சில் யாராலும் ஒத்துப் பார்க்க முடியாது. நான்கு நான்காகப் பிரித்து வாய்விட்டுச் சொல்லி எழுது. முன்னால் வரும் சைபர்களை விட்டுவிடாதே. பெயரைப் பாஸ்புக்கில் உள்ளபடியே, தலைப்பெழுத்தோடு எழுது. கேஷியர் எண்ணைத் தட்டியதும் திரையில் வரும் பெயரை உன் சலானில் உள்ள பெயரோடு ஒத்துப் பார்ப்பார். எண் தப்பாகியிருந்தால் அது பிடிபடும் இடம் அதுதான். அவர் அவசரத்தில் இருப்பதாகத் தெரிந்தால், 'அண்ணே, பேரு என்ன வருதுங்க?' என்று கேட்டுவிடு. கோபப்பட மாட்டார்.

அடுத்தவர் கணக்கில் கட்டுகிறாய் என்றால், செலுத்துபவர் என்ற இடத்தில் உன் பெயரும் கைபேசி எண்ணும் கையெழுத்தும் வர வேண்டும். கணக்குக்காரர் கையெழுத்தை நீ போடக் கூடாது. ஐம்பதாயிரமோ அதற்கு மேலோ கட்டும் வெளியாளிடம் வங்கி அடையாள ஆவணம் கேட்கும். ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், நூறு நாள் வேலை அட்டை இவற்றில் ஒன்று கையில் இருக்கட்டும்.

7. எழுத்தால் எழுதும்போது

'அறுபத்து மூவாயிரத்து எண்ணூற்று எழுபது மட்டும்'. 'மட்டும்' என்பதை விட்டுவிடாதே, அதற்குப் பின்னால் இடம் மிஞ்சினால் கோடு இழு. எழுத்தும் எண்ணும் முரண்பட்டால் சலான் திரும்பி வரும். அடித்துத் திருத்தாதே, ஓர் எண்ணின் மேல் இன்னோர் எண்ணை எழுதாதே. தாள் இலவசம்தான், புதுச் சலான் எடு. அடிக்கட்டையிலும் அதே தேதி, அதே எண், அதே தொகை.

8. பான் எண்ணும், அது இல்லாதவர் கதையும்

1962ஆம் ஆண்டு வருமான வரி விதிகளில் 114பி என்று ஒன்று. ஒரே நாளில் ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கம் கட்டினால் சலானில் பான் எண் எழுத வேண்டும் என்பது அது. சரியாக 50,000 என்றால் வேண்டியதில்லை, ஒரு ரூபாய் ஏறினால் வேண்டும். காலையில் முப்பதாயிரம், மதியம் முப்பதாயிரம் என்று இரண்டு சலான் போட்டாலும் நாள் ஒன்றுதான், கூட்டித்தான் பார்ப்பார்கள்.

தங்கச்சியிடம் பான் அட்டை இல்லை. பின்னால் நின்ற ஒருவர், 'இன்னைக்கு நாப்பத்தொம்பது கட்டும்மா, மிச்சத்தை நாளைக்குக் கட்டு' என்று யோசனை சொன்னார். மதுரையில் இந்த யோசனையைச் சொல்ல எப்போதும் ஒருவர் இருப்பார். ஒரு தரம் செய்தால் யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. அதையே வாராவாரம் செய்தால் வங்கியின் கணினி அந்தக் கணக்கைத் தனியாக எடுத்துக் காட்டும். சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனை என்று டில்லியில் உள்ள நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு அறிக்கை போகும், உனக்குச் சொல்லவும் மாட்டார்கள். நேர்மையாக மல்லிகை விற்ற காசுக்கு இந்த வேஷம் எதற்கு?

பான் இல்லாத தனிநபருக்கு வழி இருக்கிறது. படிவம் 60. பெயர், பிறந்த தேதி, தகப்பனார் பெயர், முகவரி, கட்டும் தொகை, தேதி, ஆதார் எண் எல்லாம் அதில் கேட்பார்கள். கவனமாக நிரப்ப வேண்டிய இடம் வருமானம். விவசாய வருமானம் ஒரு கட்டம், மற்ற வருமானம் வேறு கட்டம். நிலத்தில் பூச்செடி வளர்த்துப் பறித்து விற்பது விவசாய வருமானம்தான். அந்தத் தங்கச்சி தன் ஆண்டு வருமானத்தை முதல் கட்டத்தில் எழுதினாள், இரண்டாவது கட்டத்தில் சைபர். மார்க்கெட்டில் பூ வாங்கி விற்கிற வியாபாரியாக இருந்திருந்தால் இரண்டாவது கட்டத்தில்தான் எழுத வேண்டும். அந்த மற்ற வருமானம் வரி வரம்பைத் தாண்டினால் படிவம் 60 போதாது, பானுக்கு விண்ணப்பித்த எண்ணும் வேண்டும். கடை, கம்பெனி பெயரில் உள்ள கணக்குக்கு இந்தப் படிவமே கிடையாது. மைனர் கணக்கு என்றால் தாய் தகப்பன் அல்லது காப்பாளரின் பான் எண்ணை எழுதலாம்.

இது 2025 தையில் இருந்த நிலவரம். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கென்று புதிய வருமான வரிச் சட்டம் வந்திருப்பதால், தொகை வரம்பையும் படிவத்தின் எண்ணையும் நீ கட்டப்போகும் நாளில் கிளையில் கேட்டுக்கொள். எப்படியானாலும் பான் அட்டை இருந்தால் எடுத்துப் போவதில் நட்டமில்லை. ஆதார் நகல் கொடுத்தால் அதன் மேல் எதற்காக, எந்தத் தேதியில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. ஜெராக்ஸ் கடையில் வீணான நகலை விட்டுவிட்டு வராதே.

இன்னொன்று. உரிய ஆவணம் இல்லாமல் தொடங்கிய 'சிறு கணக்கு' என்று ஒரு வகை உண்டு. அதில் எந்த நேரத்திலும் ஐம்பதாயிரத்துக்கு மேல் இருப்பு இருக்கக் கூடாது, ஓர் ஆண்டில் வரவு ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது. உன் கணக்கு அந்த வகையா என்று முதலிலேயே கேட்டுவிடு, இல்லாவிட்டால் பணத்தை எண்ணி முடித்த பிறகு திருப்பித் தருவார்கள்.

9. கவுன்டரில்

பணத்தை உள்ளே கொடுத்த பிறகு கண்ணை எடுக்காதே. கைபேசி பையில் இருக்கட்டும். எண்ணும் இயந்திரத்தில் போட்டதும் எண் மேலே தெரியும், அதை உன் சலானோடு ஒத்துப் பார். கேஷியர் ஒரு தாள் குறைகிறது என்றால், 'மறுபடி எண்ணுங்க' என்று கேட்க உனக்கு உரிமை உண்டு. கவுன்டரை விட்டு நகர்ந்த பிறகு கேட்டால் அதற்கு மதிப்பில்லை.

அந்தத் தங்கச்சியின் ஐந்நூறுகளில் ஒன்றை இயந்திரம் தள்ளிவிட்டது. கேஷியர் எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். ஐந்நூறு ரூபாய்த் தாளில் பாதுகாப்பு இழை, சாய்த்தால் பச்சையிலிருந்து நீலமாக மாறும். இதில் மாறவில்லை. இரு ஓரத்திலும் விரலில் தட்டுப்பட வேண்டிய ஐந்து கோடுகளும் வழவழவென்று இருந்தன. கள்ள நோட்டு. அவள் கைநீட்டி, 'குடுங்க சார், கடைக்காரர்கிட்டயே திருப்பிக் குடுத்துர்றேன்' என்றாள். கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. கள்ள நோட்டு என்று முத்திரை குத்திக் கிளையே வைத்துக்கொள்ளும், அதற்குக் கணக்கில் வரவு கிடையாது. ஆனால் உனக்கு ஓர் ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். நோட்டின் வரிசை எண்ணும் மதிப்பும் எழுதி, கேஷியர் கையெழுத்துப் போட்டு, உன் கையெழுத்தும் வாங்குவார். சீட்டைக் கேட்டு வாங்கு.

போலீஸ் வருமா என்று அவளுக்கு அழுகை முட்டியது. ஒரே தடவையில் நான்கு தாள் வரை என்றால் மாதக் கடைசியில் மொத்தமாகப் போலீசுக்குப் பட்டியல் போகும், அவ்வளவுதான். ஐந்தும் அதற்கு மேலும் என்றால்தான் உடனே புகார் பதிவாகும். தெரியாமல் கொண்டுவந்தது குற்றமில்லை. கள்ளது என்று தெரிந்த பிறகு கைமாற்ற நினைப்பதுதான் குற்றம். இதற்காகவே கமிஷன் கடையில் பணம் வாங்கும்போது ஐந்நூறுகளை அங்கேயே சாய்த்துப் பார்த்து வாங்கு. அங்கே திருப்பினால் வேறு தாள் கிடைக்கும், இங்கே வந்த பிறகு ஐந்நூறு போனது போனதுதான்.

சலானை என்ன செய்வது? கேஷியர் 84ஐ அடித்து 83 என்று திருத்தச் சொல்வார் என்று அவள் பேனாவை எடுத்தாள். பல இடத்தில் திருத்தம் வரும், அடிக்கட்டையில் இன்னும் ஒன்று. புதுச் சலான் எழுதச் சொன்னேன். 500 × 83 = 41,500. மொத்தம் 63,370. அறுபத்து மூவாயிரத்து முந்நூற்று எழுபது மட்டும். கீழிருந்துதான் எழுதினாள். ஐம்பதாயிரத்துக்கு மேல்தான் என்பதால் படிவம் 60 அப்படியே தேவைப்பட்டது. அதிலும் தொகையை மாற்ற வேண்டும் என்பது பலருக்கு மறந்துபோகும். பழைய சலானைக் கிழித்துப் போடு, மேசையில் விட்டுவராதே.

10. அடிக்கட்டை

முத்திரை மட்டும் போதாது. முத்திரை, தேதி, கேஷியரின் சுருக்கொப்பம் மூன்றும் இருக்கிறதா என்று அங்கேயே பார். பல கிளைகளில் இப்போது பரிவர்த்தனை எண்ணையும் அச்சடித்துத் தருகிறார்கள். கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தால் அதில் உள்ள தொகையும் அடிக்கட்டைத் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். செய்தி வராவிட்டால் பாஸ்புக்கை அப்போதே அச்சடித்துக்கொள். அச்சில் அந்த வரி வந்த பிறகும் அடிக்கட்டையைத் தூக்கிப் போடாதே, அந்த நிதியாண்டு முடியும் வரையாவது பாஸ்புக் உறைக்குள் இருக்கட்டும்.

வரவு ஏறவில்லை, அல்லது வேறு கணக்கில் ஏறிவிட்டது என்றால் அன்றே கிளை மேலாளரிடம் அடிக்கட்டை நகலோடு எழுத்தில் கொடு. ரொக்கம் கட்டும் கவுன்டருக்கு மேல் கேமரா இருக்கும், சாயங்காலம் கேஷ் முடிக்கும்போது கூடுதல் குறைச்சலும் தெரிந்துவிடும். அன்றைக்கே சொன்னால் பார்ப்பது எளிது. வாங்கிக்கொண்டதற்கு முத்திரை போட்ட நகல் வாங்கு. முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு cms.rbi.org.in என்ற தளத்தில் புகார் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448 என்ற எண்ணுக்குப் பேசலாம். புகாரோடு வங்கிக்குக் கொடுத்த கடிதத்தின் நகலையும் அடிக்கட்டை நகலையும் சேர்த்து அனுப்பு.